கோணல்மாணலாக இருந்தால் பழசா? பித்தளை அஸ்ட்ரோலேப், சூரியக் கடிகாரம்: கோட்டைப் பார்த்துக் கண்டுபிடிப்பது

செட்டிநாட்டான் | 02-06-2024, இரவு 9:40

மும்பையில் ஒரு பழம்பொருள் கடையில் பித்தளை அஸ்ட்ரோலேப் ஒன்று வாங்கினேன். விலை 14,000. உள்ளங்கையை விரித்தால் அதைவிடக் கொஞ்சம் பெரிசு. மேலே சுழலும் சல்லடை, உள்ளே நாலு தட்டு, பின்பக்கம் ஒரு பார்வைக் கோல். அரபு எழுத்தில் பெயர் வெட்டியிருக்கிறது. லாகூர் வேலை, ஜியாவுத்தீன் முஹம்மத், ஹிஜ்ரி 1067 என்று கடைக்காரர் வாசித்துக் காட்டினார்.

நன்றாகக் களிம்பு ஏறியிருக்கிறது. அளவுக்கோடுகள் ஒன்றுபோல் ஒன்று இல்லை, கோணல்மாணலாக இருக்கின்றன. மெஷின் வேலை என்றால் இப்படி இருக்காது. ஆகவே அசல் என்றே நினைக்கிறேன். யாராவது உறுதிப்படுத்தினால் நன்றாக இருக்கும்.

நிழல்முள் | 02-06-2024, இரவு 11:15

கோணலாக இருப்பதுதான் எனக்கு முதல் சந்தேகம். பழைய வேலையில் கோடு கோணலாகப் போனதை நான் அதிகம் பார்த்ததில்லை. அஸ்ட்ரோலேப் பண்ணியவன் அலங்காரத்துக்குப் பண்ணவில்லை. வாங்கியவன் அதை வைத்து நேரம் பார்த்தான், தொழுகை வேளை கணக்கிட்டான், ஜாதகம் போட்டான். அரைப் பாகை தப்பினால் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்திருப்பான்.

களிம்பைப் பற்றிப் பேசவே வேண்டாம். அம்மோனியா, உப்பு, நாலு நாள் ஈர மண், போதும்.

ஒரு தட்டை வெளியே எடுத்து, ஒரே மையத்தைச் சுற்றி இருக்கும் மூன்று வட்டங்களை மட்டும் அளந்து சொல்லுங்கள். மையத்திலிருந்து ஒவ்வொன்றும் எத்தனை மில்லிமீட்டர். வேறு எதுவும் இப்போது வேண்டாம்.

கோவை லேத் | 03-06-2024, காலை 7:02

இதற்கு ஏன் இவ்வளவு கஷ்டம்? நகைக்கடையில் தங்கம் சோதிக்கும் எக்ஸ்ரே மெஷின் இருக்கிறதே. அதில் வைத்தால் செம்பு எவ்வளவு, துத்தநாகம் எவ்வளவு என்று அரை நிமிடத்தில் வந்துவிடும். அந்தக் காலத்தில் செம்போடு துத்தநாகத் தாதுவைப் போட்டு உருக்கித்தான் பித்தளை எடுத்தார்கள். அந்த முறையில் துத்தநாகம் நூற்றுக்கு 30 பங்கை ஒட்டி நின்றுவிடும். 35, 38 என்று காட்டினால் புதுசு. முடிந்தது கதை.

நிழல்முள் | 03-06-2024, காலை 8:20

ஐரோப்பியப் பொருளாக இருந்தால் உங்கள் பேச்சு பெரும்பாலும் சரி. லாகூருக்குப் பொருந்தாது. நம் நாட்டில் துத்தநாகத்தைத் தனி உலோகமாகவே வடித்தெடுத்தார்கள், ராஜஸ்தானில் ஜாவர் சுரங்கம் அதற்குப் பேர்போனது. தனி உலோகம் கையில் இருந்தால் எவ்வளவு வேண்டுமானாலும் கலக்கலாம். சிகாகோவில் ஆட்லர் கோளரங்கத்தில் இருக்கும் 17-ஆம் நூற்றாண்டு லாகூர் அஸ்ட்ரோலேப்களை எக்ஸ்ரேயில் வைத்துப் பார்த்தார்கள். துத்தநாகம் ஐரோப்பிய வரம்பைத் தாண்டி இருந்தது. உங்கள் விதியை வைத்தால் அருங்காட்சியகத்தில் இருக்கிற அசலையே போலி என்று தூக்கி எறிவோம்.

கோவை லேத் | 03-06-2024, காலை 8:31

சரி, இது தெரியாது. ஆனாலும் நகைக்கடைக்குப் போவதில் தப்பில்லை என்பேன்.

வேலூர் வசந்தி | 03-06-2024, பிற்பகல் 2:10

எங்கள் தாத்தா வீட்டில் பித்தளையில் ஒரு வட்டில் இருக்கிறது. அடியில் ஊசி ஓட்டை. நேரம் பார்க்கிற சாமான் என்று சொல்வார்கள். இதிலும் கோடு எதுவும் தெரியவில்லை. பழசா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நிழல்முள் | 03-06-2024, மாலை 6:45

அம்மா, அது நாழிகை வட்டில். கோடு இருக்காது, தேடாதீர்கள். அண்டாவில் தண்ணீர் ஊற்றி மிதக்கவிடுங்கள். மூழ்க 24 நிமிடம் ஆனால் ஓட்டை சரியாக இருக்கிறது. பழசா புதுசா என்பதை அந்த ஓட்டை சொல்லாது. இந்த இழை சூரியக் கடிகாரத்துக்கும் அஸ்ட்ரோலேப்புக்கும்.

செட்டிநாட்டான் | 03-06-2024, இரவு 10:05

முதல் தட்டில் அளந்தேன். வெளி வட்டம் 68 மி.மீ., நடு வட்டம் 46, உள் வட்டம் 23.

நிழல்முள் | 03-06-2024, இரவு 11:50

உட்கார்ந்து எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

வெளி வட்டம் மகர ரேகை, நடு வட்டம் பூமத்திய ரேகை, உள் வட்டம் கடக ரேகை. வானத்தைத் தட்டையாக விரித்துப் போட்ட படம் இது. விரிக்கிற விதத்தில் இந்த மூன்றுக்கும் உள்ள விகிதம் தானாக வந்து விழும், வேலை செய்பவனுக்கு அதில் விருப்பம் என்று ஒன்று கிடையாது. மகர ரேகை 100 என்றால் பூமத்திய ரேகை 65.6, கடக ரேகை 43. பாக்தாத்தில் பண்ணினாலும் லாகூரில் பண்ணினாலும் நியூரம்பெர்க்கில் பண்ணினாலும் இதேதான்.

உங்கள் 68-க்குக் கணக்குப் போட்டால் 44.6, 29.2 வர வேண்டும். உங்களிடம் 46, 23. நடு வட்டத்தில் ஒன்றரை மில்லிமீட்டர்தானே, கை தவறியிருக்கும் என்று சொல்லத் தோன்றும். உள் வட்டத்தைப் பாருங்கள், 6 மி.மீ. தப்பு. எப்படி நடந்தது என்பதும் தெரிகிறது. 68-ஐ மூன்று சம பங்காக்கியிருக்கிறான். இடைவெளி ஒரே மாதிரி இருந்தால் அழகு என்று நினைத்தவன் வேலை. வானம் அவனுக்குத் தேவைப்படவே இல்லை.

இன்னொன்று. தட்டில் கிடையாக ஒரு நேர்க்கோடு போகும், கிழக்கு மேற்குக் கோடு. அது நடு வட்டத்தை வெட்டும் அதே புள்ளியில்தான் தொடுவான வளைகோடும் போக வேண்டும். மூன்று கோடும் ஒரே புள்ளியில். சமநாளில் சூரியன் நேர் கிழக்கில் உதிக்கிறதே, அதுதான் அந்தப் புள்ளி. பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

14,000 போனதாக வைத்துக்கொள்ளுங்கள். மன்னிக்கவும்.

செட்டிநாட்டான் | 04-06-2024, காலை 6:30

மூன்றும் சேரவில்லை. தொடுவானம் நாலு மி.மீ. கீழே போகிறது. ராத்திரி தூங்கவில்லை.

காயல் பாய் | 04-06-2024, காலை 9:15

தம்பி, தட்டின் நடுவில் சிறிதாக இரண்டு எழுத்துக்கூட்டம் வெட்டியிருக்கும். அதை மட்டும் கிட்டத்தில் படம் எடுத்துப் போடுங்கள். நாலு தட்டிலும். கையெழுத்துப் பகுதியையும்.

வேலூர் வசந்தி | 04-06-2024, பகல் 12:40

வட்டில் 21 நிமிடத்தில் மூழ்கிவிட்டது. ஓட்டை தேய்ந்திருக்குமோ? சரி, இழைக்குச் சம்பந்தமானதாகவே கேட்கிறேன். என் அப்பா ஒரு பாக்கெட் காம்பஸ் வைத்திருந்தார், மூடியைத் திறந்தால் சூரியக் கடிகார முள் எழுந்து நிற்கும். மேலே டாலண்ட், லண்டன் என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. அதற்கு என்ன சோதனை?

நிழல்முள் | 04-06-2024, இரவு 10:20

இதில் எனக்கே ஒரு சூடு உண்டு. 2011-இல் கொச்சியில் ஒரு கடையில் தோட்டத்துச் சூரியக் கடிகாரத் தட்டு ஒன்று வாங்கினேன். எண்கோணம், ரோமன் எண், 1658 என்று வருஷம், ஓரத்தில் லத்தீன் வாசகம். மாடியில் கொண்டுபோய் வைத்து, வடக்கு பார்த்துத் திருப்பி, கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டேன். மதியம் 12-க்கு ஒத்துப்போனது. 3 மணிக்கு ஒன்றே கால் காட்டியது.

கீழே கிடக்கும் தட்டில் மணிக்கோடுகள் சம இடைவெளியில் இருக்கவே கூடாது. எந்த ஊருக்குப் பண்ணினார்களோ அந்த ஊரின் அட்சரேகை கோடுகளை நெருக்கும். லண்டனுக்குப் பண்ணியதென்றால் 12-இலிருந்து 1 மணிக்கோடு 11.8 பாகை, 2 மணி 24.3, 3 மணி 38, 4 மணி 53.6, 5 மணி 71, 6 மணி நேர் 90. போகப்போக அகலும். என் தட்டில் 15, 30, 45, 60. பாகைமானியை வைத்தவுடன் தெரிந்துவிட்டது, வாங்குவதற்கு முன்னால் வைத்திருக்கலாம். சென்னைக்குப் பண்ணினால் இன்னும் வேடிக்கை: 1 மணிக்கோடு வெறும் 3.5 பாகை, 3 மணி 12.7, 5 மணிக்கு ஒரே தாவாக 40. மதியத்தைச் சுற்றி எல்லாம் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

சமமாகப் பிரித்த கிடைத்தட்டு சரியாக ஓட வேண்டும் என்றால் வட துருவத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

முள்ளின் சாய்வையும் பாருங்கள். அதுவும் அந்த ஊரின் அட்சரேகையாகவே இருக்க வேண்டும், லண்டன் என்றால் ஐம்பத்தொன்றரை. லண்டன் என்று பேர் வெட்டி, முள் 45-இல் நின்றால் சோலி முடிந்தது.

ஆக, சம இடைவெளி என்றால் போலி.

கோவை லேத் | 05-06-2024, காலை 6:58

இந்தத் தடவை நான் பிடிக்கிறேன். என் மச்சானிடம் ஜெர்மன் பாக்கெட் கடிகாரம் ஒன்று இருக்கிறது. எண்கோணப் பெட்டி, நடுவில் காம்பஸ், பக்கத்தில் ஒரு வளையம் எழுந்து சாய்ந்து நிற்கும். வளையத்தில் மணிக்கோடுகள் அச்சாகச் சமம், 15 பாகைக்கு ஒன்று. மூடிக்குள் ஊர் பெயரும் அட்சரேகையும் எழுதின தாள். அதுவும் போலியா?

நிழல்முள் | 05-06-2024, காலை 9:40

வாபஸ். அவசரப்பட்டு எழுதிவிட்டேன்.

அது ஆக்ஸ்பர்க் பாணி. 18-ஆம் நூற்றாண்டில் அந்த ஊரில் ஏராளமாகப் பண்ணினார்கள். வளையத்தை உங்கள் ஊர் அட்சரேகைக்குச் சாய்த்ததும் அது பூமத்திய ரேகைக்கு இணையாகிவிடும், முள் துருவத்தைப் பார்க்கும். அங்கே சமமாக இருப்பதுதான் சரி. நான் சொன்னது அசையாமல் கிடையாகக் கிடக்கும் தட்டுக்கு மட்டும். மச்சானிடம் சாய்வுக் காலின் அளவுக்கோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் பாகைகள் எண்ணிக்கை சரியாக இருக்கிறதா, வளையம் உண்மையிலேயே அந்தப் பாகையில் நிற்கிறதா என்று.

வேலூர் வசந்தி | 05-06-2024, மாலை 4:25

பேத்தியின் ஜாமெட்ரி பாக்ஸ் வைத்து அளந்தேன். 12-க்கும் 3-க்கும் நடுவில் 45. முள்ளும் 45 மாதிரிதான். அப்பா அதை 1980-களில் வாங்கியதாக ஞாபகம். அவர் ஆசையாக வைத்திருந்தது, அதனால் பரவாயில்லை.

நிழல்முள் | 05-06-2024, இரவு 8:00

பரவாயில்லைதான். டாலண்ட் லண்டனில் இருந்த அசல் கருவிப் பட்டறை, அந்தப் பெயர் நம் ஊர்ப் பித்தளைப் பட்டறைகளில் ஆயிரக்கணக்கில் வெட்டப்பட்டிருக்கிறது. எழுத்தின் அடியைப் பாருங்கள், கறுப்புப் பெயிண்ட் நிரப்பியிருக்கும், நகத்தால் சுரண்டினால் வரும்.

தோட்டத்துத் தட்டுக்கு ஒரு சோதனை சொல்ல மறந்துவிட்டேன், எனக்கு மிகவும் பிடித்தது. முள் கனமான தகடாக இருக்கும், 4 மி.மீ., 5 மி.மீ. என்று. காலையில் அதன் ஒரு விளிம்பு நிழல் காட்டும், மதியத்துக்கு மேல் மற்ற விளிம்பு. அதனால் தெரிந்தவன் தட்டை இரண்டு பாதியாகப் பிரித்து, நடுவில் முள்ளின் கனம் அளவுக்கு இடம் விட்டு, 12 மணிக்கு இரண்டு கோடு போடுவான். காலைக் கோடுகள் எல்லாம் ஒரு புள்ளியிலிருந்து, மாலைக் கோடுகள் 4 மி.மீ. தள்ளி இன்னொரு புள்ளியிலிருந்து கிளம்பும். பார்த்துக் காப்பியடிக்கிறவன் இதை முக்கால்வாசி தவற விடுகிறான், கனமான முள்ளை ஒற்றைக் கோட்டின் மேல் நட்டுவிடுகிறான். மெல்லிய முள் உள்ள சின்னக் கடிகாரத்துக்கு இது பொருந்தாது. இந்தத் தடவை விதிவிலக்கை நானே சொல்லிவிட்டேன், லேத் அண்ணன் கவனிக்கவும்.

காயல் பாய் | 08-06-2024, இரவு 9:30

படங்கள் வந்தன. இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தேன்.

இதில் எண்கள் எல்லாம் எழுத்தில் இருக்கும். 786 எல்லோருக்கும் தெரியும், பிஸ்மில்லாஹ்வின் எழுத்துகளுக்கு மதிப்புப் போட்டுக் கூட்டினால் வருவது. அதே கணக்குத்தான். அலிஃப் 1, பே 2, யே 10, காஃப் 20, லாம் 30, மீம் 40.

ஒவ்வொரு தட்டிலும் இரண்டு எண் போடுவார்கள். ஒன்று எந்த அட்சரேகைக்கான தட்டு என்பது, மற்றது அந்த இடத்தில் ஆண்டின் மிக நீண்ட பகல் எத்தனை மணி என்பது. உங்கள் முதல் தட்டில் அட்சரேகை என்ற இடத்தில் மீம் மட்டும் இருக்கிறது, 40. நீண்ட பகல் யே ஜீம், காஃப்: 13 மணி 20 நிமிடம். நிழல்முள், இது ஒத்துப்போகுமா?

நிழல்முள் | 08-06-2024, இரவு 10:10

போகாது. 40 பாகையில் நீண்ட பகல் 14 மணி 51 நிமிடம் வரும். 13 மணி 20 நிமிடம் என்றால் கிட்டத்தட்ட இருபத்தொன்றே முக்கால் பாகை.

காயல் பாய் | 08-06-2024, இரவு 10:25

நினைத்தேன். அது மக்கா தட்டு. மக்காவின் அட்சரேகையை அந்தக் காலத்தில் 21 பாகை 40 கலை என்று எழுதுவார்கள்: காஃப் அலிஃப், அப்புறம் மீம். காப்பியடித்தவன் காஃப் அலிஃபை அலங்காரக் கொடி என்று நினைத்து விட்டுவிட்டு, மீமை மட்டும் வெட்டியிருக்கிறான். எண் என்பதே அவனுக்குத் தெரியாது.

இரண்டாவது, மூன்றாவது தட்டிலும் அதே மீம், அதே 13;20. ஒரே ஊருக்கு மூன்று தட்டு எதற்கு?

கையெழுத்தில் ஜியாவுத்தீன் முஹம்மத் பெயர் சரியாகவே இருக்கிறது. அவர் லாகூர்க் குடும்பம். அல்லாதாத், அவர் மகன் ஈசா, அவர் மகன் காயிம் முஹம்மத், அவர் மகன் இவர். நாலு தலைமுறை இதே தொழில். கையெழுத்துப் போடும்போது பரம்பரையையே இப்னு, இப்னு என்று வரிசையாக எழுதுவது அவர்கள் வழக்கம். உங்களுடையதில் ஒரு இப்னு இருக்கிறது, அதன்பின் எழுத்து இல்லை, எழுத்து மாதிரி வளைவுகள். சுருக்கமாகப் போட்ட அசல் கையெழுத்தும் உண்டு என்பதால் இதை மட்டும் வைத்துச் சொல்ல மாட்டேன்.

நாலாவது தட்டு வேறு கதை. லாம் பே, 32. பகல் யே தால், வாவ், 14 மணி 6 நிமிடம்.

நிழல்முள் | 08-06-2024, இரவு 11:35

நில்லுங்கள். 32 பாகைக்குக் கணக்குப் போட்டேன். 14 மணி 6 நிமிடம். அச்சு அசல். லாகூர் அட்சரேகை 31 பாகை 50 கலை என்று எழுதுவார்கள், 32 அதற்கு ரொம்பப் பக்கம்.

செட்டிநாட்டான், நாலாவது தட்டின் மூன்று வட்டங்களை அளந்து சொல்லுங்கள். முதலிலேயே நாலையும் கேட்டிருக்க வேண்டும், ஒன்றைப் பார்த்து தீர்ப்பு எழுதிவிட்டேன்.

செட்டிநாட்டான் | 09-06-2024, காலை 7:15

68, 44.5, 29. தொடுவானத்தோடு மூன்று கோடும் ஒரே புள்ளியில் சேர்கிறது!!!

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அம்மா நேற்று மதியம் எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்த்துவிட்டார். பித்தளைச் சாமான் பச்சையாகக் கிடக்கிறதே என்று.

கோவை லேத் | 09-06-2024, காலை 7:20

:-)

காயல் பாய் | 09-06-2024, காலை 7:48

இன்னா லில்லாஹ்.

செட்டிநாட்டான் | 09-06-2024, காலை 8:05

முதல் மூன்று தட்டிலும் களிம்பு இரண்டு தேய்ப்பில் முழுசாகப் போய்விட்டது, பளபள என்று இருக்கின்றன. நாலாவதில் மேலே போனது, கோட்டுக்குள்ளே கறுப்பாக இன்னும் இருக்கிறது.

நிழல்முள் | 09-06-2024, காலை 11:00

அம்மா நமக்கு ஒரு சோதனையே செய்து கொடுத்திருக்கிறார், ஆனால் தயவுசெய்து இனி வேண்டாம். புளி பித்தளையின் மேல்தோலையே தின்னும், மெல்லிய கோட்டின் விளிம்பு மழுங்கிவிடும்.

இப்போது கோட்டுக்குள்ளே பார்க்கலாம். பத்து மடங்கு காட்டும் நகைக்கடைக் கண்ணாடி போதும், விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள்.

என் அம்மாவின் கல்யாணச் சொம்பில் பேர் வெட்டியிருக்கிறது. பாத்திரக்கடை வாசலில் ஒருவர் சின்ன உளியும் சுத்தியலும் வைத்துக்கொண்டு, கேட்கிற பேரை எழுதிப் பார்க்காமலே டக் டக் டக் என்று வெட்டிக் கொடுப்பாரே, அந்த வேலை. லென்ஸில் பார்த்தால் கோட்டின் அடி V மாதிரி இருக்கிறது, அதில் படிப்படியாகச் சின்ன முகங்கள். ஒவ்வொரு அடிக்கும் ஒரு படி. கோடு முடியும் இடத்தில் உளி மேலே ஏறி, கோடு மெலிந்து கூராகிறது. லாகூர் வேலையின் பெரிதாக்கிய படங்களிலும் நான் பார்த்தது இந்த மாதிரி வெட்டுதான்.

வார்ப்பில் எடுத்த காப்பியில் அடி உருண்டிருக்கும், தேய்ந்த சோப்புக் கட்டியில் எழுத்து இருப்பதைப் போல, நடுநடுவே ஊசிக்குத்துக் குழி. அமிலத்தில் அரித்தெடுத்தால் அடி தட்டை, சுவர் அரித்த மாதிரி சொரசொர. கம்ப்யூட்டர் மெஷினில் வெட்டினால் ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே அகலம், முனை அரைவட்டம். லேத் அண்ணனுக்கு இது நன்றாகத் தெரியும்.

கோவை லேத் | 09-06-2024, மதியம் 1:10

தெரியும். கட்டரின் முனை சுற்றின தடம் அடியில் அலை அலையாகத் தெரியும். ஒரு சேர்க்கை: வார்ப்புக் காப்பியில் உங்கள் வட்டக் கணக்கு வேலை செய்யாது. அசலை மண்ணில் அழுத்தி வார்த்தால் பித்தளை ஆறும்போது நூற்றுக்கு ஒன்றரை பங்கு சுருங்கும், ஆனால் எல்லா வட்டமும் சேர்ந்து சுருங்கும். விகிதம் அப்படியே நிற்கும். அசலின் கணக்கு சரியென்றால் போலியின் கணக்கும் சரி.

நிழல்முள் | 09-06-2024, மதியம் 2:30

நல்ல பாயிண்ட். கணக்கு தப்பினால் போலி என்று சொல்லிவிடலாம், கணக்கு சரியாக இருந்தால் அசல் என்று சொல்ல முடியாது. உளி வேலைக்கும் அதே கதி. கையால் வெட்டியது என்பதாலேயே பழசு ஆகாது. இஸ்ஃபஹானில் 1700-ஐ ஒட்டி அப்துல் அயிம்மா என்று பெரிய கைக்காரர் இருந்தார். அவர் பெயரில் போலிகள் வந்ததைப் பற்றி 1972-இலேயே மூன்று ஆய்வாளர்கள் தனிக் கட்டுரை எழுதினார்கள். பெயருக்கு அவ்வளவு விலை.

ஆகவே இரண்டும் ஒரே தட்டில் சேர்ந்து வர வேண்டும், கோடு விழுந்த இடமும் கோடு வெட்டிய விதமும்.

செட்டிநாட்டான் | 15-06-2024, இரவு 9:00

நகைக்கடைக் கண்ணாடி வாங்கிவிட்டேன். முதல் மூன்று தட்டும் தட்டை அடி, சொரசொர சுவர். அமிலம்தான் போல. நாலாவதில் V, படிப்படியாகத் தெரிகிறது. நடுக்கோட்டில் வரிசையாக ஊசிமுனைக் குத்துகள் இருக்கின்றன, சேதமா?

நிழல்முள் | 15-06-2024, இரவு 9:20

சேதம் இல்லை! காம்பஸின் ஊசி நின்ற இடம். தட்டில் உள்ள உயர வளைகோடு ஒவ்வொன்றுக்கும் மையம் வேறு, எல்லா மையமும் அந்த நடுக்கோட்டிலேயே வரும். ஒவ்வொரு குத்தும் ஒரு வட்டத்தைப் போட்டது. தட்டுக்கு வெளியே போகும் மையங்களுக்குக் குத்து இருக்காது. உங்கள் காம்பஸை ஒரு குத்தில் வைத்துத் திருப்பிப் பாருங்கள், ஏதாவது ஒரு வளைகோட்டின் மேல் அப்படியே போகும்.

முதல் மூன்று தட்டில் குத்து இருக்கிறதா?

செட்டிநாட்டான் | 15-06-2024, இரவு 9:50

நடு ஓட்டையைத் தவிர ஒன்றும் இல்லை. நாலாவதில் நீங்கள் சொன்ன மாதிரி பென்சில் முனை வளைகோட்டின் மேலேயே போனது. நான்கு குத்தில் சரிபார்த்தேன், நான்கும் சரி.

வேலூர் வசந்தி | 16-06-2024, காலை 10:30

மேலே சுழலும் சல்லடையை ஏன் யாரும் பார்க்கவில்லை? அதில் நட்சத்திரம் எல்லாம் இருக்கும் என்று படித்தேன்.

நிழல்முள் | 16-06-2024, பகல் 12:15

சரியான கேள்வி. அரபியில் அதற்குச் சிலந்தி என்றே பேர். ஒவ்வொரு கூர்முனையும் ஒரு நட்சத்திரம். போலியில் முனைகள் இடமும் வலமும் கண்ணாடிப் பிம்பம் மாதிரி இருக்கும், இலை டிசைன் என்று நினைத்துவிடுவார்கள். கொடி வேலை சமச்சீராக இருக்கலாம், நட்சத்திரம் இருக்க முடியாது.

ஒரே ஒரு நட்சத்திரத்தைப் பாருங்கள், நம் மகம். அரபியில் கல்புல் அசத், சிங்கத்தின் இதயம். சூரியன் போகும் பாதையிலேயே அது இருக்கிறது, அரைப் பாகைகூட விலகல் இல்லை. அதனால் அதன் முனை ராசி வட்டத்தைத் தொட்டுக்கொண்டே நிற்க வேண்டும். 17-ஆம் நூற்றாண்டு நடுவில் என்றால் சிம்மத்தில் 25-ஆம் பாகை அருகே.

வேலூர் வசந்தி | 16-06-2024, பகல் 12:50

மகம் சிம்மத்தின் ஆரம்பம் அல்லவா? பஞ்சாங்கத்தில் மகம் முதல் பாதத்தில்தான் சிம்மமே தொடங்குகிறது. என் நட்சத்திரம் அது, தப்பாகச் சொல்ல மாட்டேன்.

நிழல்முள் | 16-06-2024, பகல் 1:30

பஞ்சாங்கப்படி நீங்கள் சொல்வதே சரி. நம் பஞ்சாங்கம் நிராயணம், நட்சத்திரத்தோடு ஒட்டி எண்ணுகிறது. அஸ்ட்ரோலேப் சாயனம், சூரியன் பூமத்திய ரேகையைக் கடக்கும் புள்ளியிலிருந்து எண்ணுகிறது. 1650 வாக்கில் இரண்டுக்கும் ஏறக்குறைய 19 பாகை வித்தியாசம். அந்தப் புள்ளி 72 வருஷத்துக்கு ஒரு பாகை நகர்வதால் மகம் இப்போது சாயனக் கணக்கில் கன்னிக்கே போய்விட்டது.

இதை வைத்து வருஷம் கண்டுபிடித்துவிடலாம் என்று கிளம்ப வேண்டாம். ஐம்பது வருஷம் பழைய அட்டவணையைப் பார்த்து முனையை வைத்த அசல் கைவினைஞர்களும் உண்டு.

செட்டிநாட்டான் | 16-06-2024, இரவு 8:40

காயல் பாய் முனையைக் காட்டிக்கொடுத்தார். மகம் ராசி வட்டத்துக்கு உள்ளே 11 மி.மீ. தள்ளி நிற்கிறது. ராசிக் கட்டம் பன்னிரண்டும் ஒரே அகலம்.

நிழல்முள் | 16-06-2024, இரவு 9:05

அப்படியானால் சிலந்தியும் புதுசு. ராசி வட்டம் தட்டு மையத்திலிருந்து விலகி நிற்கிறது, ஆகவே மகரப் பக்கம் கட்டம் அகலமாகவும் கடகப் பக்கம் குறுகலாகவும் இருக்க வேண்டும்.

காயல் பாய் | 22-06-2024, இரவு 10:00

நாலாவது தட்டைத் திரும்பப் பார்த்தேன். அதில் ஜீம் வால் இல்லாமல் இருக்கிறது. எட்டைக் குறிக்கும் ஹா எழுத்தோடு குழப்பம் வராமல் இருக்கக் கணக்குக்காரர்கள் ஜீமை அப்படி வெட்டுவார்கள். புத்தகத்தில் அரபி கற்றவனுக்கு இது தெரியாது. நான் அசல் பக்கம் சாய்கிறேன்.

கோவை லேத் | 23-06-2024, காலை 7:05

நான் சாயவில்லை. இப்போது அருங்காட்சியகங்கள் நல்ல படம் போடுகின்றன, ஆக்ஸ்போர்டுக்காரர்கள் தட்டுத் தட்டாகப் போட்டிருக்கிறார்கள். தெரிந்த ஆள் ஒருவன் அதைப் பார்த்துக் கையாலேயே வெட்டலாம், காம்பஸ் குத்தோடு, வால் இல்லாத ஜீமோடு. தகட்டின் கனத்தை மைக்ரோமீட்டரில் எட்டு இடத்தில் அளக்கச் சொல்லுங்கள். உருளையில் ஓட்டிய தகடு என்றால் எட்டும் ஒன்றாக இருக்கும். சுத்தியலால் தட்டியது என்றால் இருக்காது.

செட்டிநாட்டான் | 29-06-2024, மாலை 5:30

பக்கத்துப் பட்டறையில் அளந்தேன். முதல் மூன்றும் எல்லா இடத்திலும் 1.20. நாலாவது 0.94-இலிருந்து 1.13 வரை.

இன்னொன்று கவனித்தேன். தட்டு சுற்றாமல் இருக்க ஓரத்தில் ஒரு பல் இருக்கிறதே, மற்ற மூன்றுக்கும் அது கீழே. நாலாவதற்கு மேலே. கீழே புதுசாக ஒரு பல் ஒட்டி அரத்தால் ராவியிருக்கிறார்கள், மேலே உள்ளதை வெட்டிய தழும்பு தெரிகிறது. பெட்டிக்குள் ஒரு மி.மீ. லொடலொட என்று ஆடுகிறது.

கோவை லேத் | 29-06-2024, மாலை 6:12

0.94-க்கும் 1.13-க்கும் வித்தியாசம் நல்லதுதான். மறுபடி பாதி சாய்கிறேன்.

நிழல்முள் | 29-06-2024, இரவு 9:15

அப்படியானால் இந்தப் பெட்டிக்கு அது பிறக்கவில்லை. வேறு ஏதோ ஒரு கருவியிலிருந்து பிரிந்து வந்த ஒற்றைத் தட்டு, புதுப் பெட்டிக்குள் ஆளில்லாத இடத்தை நிரப்பியிருக்கிறது. அல்லது லேத் அண்ணன் சொல்லும் கெட்டிக்காரன். நேரில் கையில் எடுக்காமல் இதற்குமேல் நான் போக மாட்டேன். தட்டின் மறுபக்கத்தில் எந்த அட்சரேகை என்று பாய் படித்துவிட்டாரா?

காயல் பாய் | 29-06-2024, இரவு 9:40

மறுபக்கம் படம் மங்கல். காஃப் தெரிகிறது, அடுத்த எழுத்து ஹேயா, தாலா தெரியவில்லை. 25 அல்லது 24. பகலில், ஜன்னல் ஓரமாக வைத்து எடுங்கள் தம்பி.

செட்டிநாட்டான் | 30-06-2024, காலை 6:50

எடுக்கிறேன். நாலாவது தட்டை மட்டும் தனியாகத் துணியில் சுற்றி பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். சாவியை அம்மாவிடம் கொடுக்கவில்லை.